போட்டோவில் குறித்த மூன்று புள்ளிகளின் வழியே வட்டம்: ஒரு கலுங்கு வளைவின் மையமும் ஆரமும்

கேள்வி: சார், எங்க ஊர்ல தோவாளை சானல் மேல ஒரு பழைய செங்கல் கலுங்கு, அதாவது சின்னப் பாலம், இருக்கு. பிளஸ் டூ புராஜெக்டுக்காக அதோட வளைவை நேரா நின்னு போட்டோ எடுத்தேன் (4000 × 3000). வளைவின் உள்விளிம்புல மூணு புள்ளி குறிச்சு, பெயின்ட்ல திறந்து பார்த்தப்ப A (460, 2120), B (1740, 1160), C (3500, 2040) என்று வந்துது. A-க்கும் C-க்கும் நடுவுல டேப் வச்சு அளந்தா 3.80 மீட்டர். இந்த மூணு புள்ளி வழியா போற வட்டத்தோட சமன்பாடு, மையம், ஆரம் எப்படி எடுக்கிறது? புத்தகத்துல உள்ளபடி g, f, c போட்டா எண்கள் ரொம்பப் பெரிசா வந்து எங்கேயோ தப்பாகுது.

பதில்:

விடை முதலில். மையம் (2000, 2840), ஆரம் 1700 பிக்சல். சமன்பாடு:

(x − 2000)² + (y − 2840)² = 1700²

நிஜ அளவில் ஆரம் ஏறத்தாழ 2.12 மீட்டர். A, C இரண்டையும் இணைக்கும் கோட்டின் நடுப்புள்ளிக்கு 95 செ.மீ. கீழே மையம் இருக்கிறது.

உங்களுக்குக் கணக்கு தப்பானதற்குக் காரணம் முறை அல்ல, எண்களின் அளவு. x² + y² + 2gx + 2fy + c = 0 என்பதில் A-யை அப்படியே பிரதியிட்டால் 460² + 2120² = 47,06,000 வரும். C-யில் அது 1,64,11,600. மூன்று தெரியாத மதிப்புகளுக்கு மூன்று சமன்பாடு, ஒவ்வொன்றிலும் எட்டு இலக்கம் வரை. கைக்கணக்கில் ஓரிடத்தில் குறி மாறினால் போதும், மையம் படத்துக்கு வெளியே எங்கேயோ போய் நிற்கும். இதைத் தவிர்க்க எளிய வழி, மூன்று புள்ளிகளில் ஒன்றையே ஆதிப்புள்ளியாக எடுத்துக்கொள்வது.

A-யை (0, 0) என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து B-க்கு வலப்பக்கம் 1740 − 460 = 1280 பிக்சல், மேலே 2120 − 1160 = 960 பிக்சல். C-க்கு வலப்பக்கம் 3040, மேலே 80. இந்த நான்கு எண்களும் 20-ஆல் வகுபடுகின்றன. எனவே 20 பிக்சலை ஓர் அலகாக எடுத்தால்:

A (0, 0), B (64, 48), C (152, 4)

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெயின்ட் போன்ற மென்பொருள்களில் ஆதிப்புள்ளி படத்தின் இடது மேல் மூலையில் இருக்கும், y கீழ்நோக்கி வளரும். வரைபடத்தாளில் y மேல்நோக்கி வளரும். நான் "மேலே" என்று கணக்கிட்டபோது A-யின் y-இலிருந்து மற்றதைக் கழித்தது அதனால்தான். உண்மையில் திருப்பாமலே போட்டாலும் ஆரம் மாறாது. கண்ணாடியில் பார்த்தாலும் வட்டம் வட்டம்தான். மையம் மட்டும் மேல் கீழாக இடம் மாறிய மாதிரித் தோன்றும். ஆனால் இரண்டு புள்ளிகளைத் திருப்பி ஒன்றைத் திருப்பாமல் விட்டால் வேறொரு வட்டமே வந்துவிடும். ஆகவே எல்லாவற்றையும் திருப்புங்கள், அல்லது எதையும் திருப்பாதீர்கள்.

இனி கணக்கு. மையம் (h, k) என்று வைத்தால் சமன்பாடு (x − h)² + (y − k)² = r². வட்டம் (0, 0) வழியாகச் செல்வதால் h² + k² = r². இரண்டையும் சேர்த்துச் சுருக்கினால் மாறிலி நீங்கிவிடும்:

x² + y² = 2hx + 2ky

மூன்றுக்குப் பதில் இரண்டே தெரியாத மதிப்புகள். B-யைப் பிரதியிட்டால்:

4096 + 2304 = 128h + 96k
6400 = 128h + 96k
200 = 4h + 3k … (1)

C-யைப் பிரதியிட்டால்:

23104 + 16 = 304h + 8k
23120 = 304h + 8k
2890 = 38h + k … (2)

(2)-இலிருந்து k = 2890 − 38h. இதை (1)-இல் வைக்க:

200 = 4h + 8670 − 114h
110h = 8470
h = 77

k = 2890 − 2926 = −36. ஆரம் r = √(77² + 36²) = √(5929 + 1296) = √7225 = 85.

இந்த ஆய அச்சுகளில் வட்டத்தின் சமன்பாடு x² + y² − 154x + 72y = 0. B-யை வைத்துச் சரிபார்த்தால் 6400 − 9856 + 3456 = 0. C-யை வைத்தால் 23120 − 23408 + 288 = 0. சரியாக வருகிறது.

உங்கள் புள்ளிகளுக்கு இப்படி முழு எண்கள் வந்தது உங்கள் அதிர்ஷ்டம். வேறொரு படத்தில் h = 76.83 என்றெல்லாம் வரும், பயப்பட வேண்டாம். அப்போது கணக்கு முடியும்வரை நான்கு இலக்கமாவது வைத்திருந்து, கடைசியில் மட்டும் முழுமையாக்குங்கள்.

இப்போது பிக்சலுக்குத் திரும்புவோம். மையம் A-யிலிருந்து வலப்பக்கம் 77 × 20 = 1540, கீழே 36 × 20 = 720. அதாவது (460 + 1540, 2120 + 720) = (2000, 2840). ஆரம் 85 × 20 = 1700. பொதுவடிவில் விரித்து எழுதினால்:

x² + y² − 4000x − 5680y + 9175600 = 0

இதில் 2g = −4000, 2f = −5680, c = 91,75,600. மையம் (−g, −f), ஆரம் √(g² + f² − c) என்ற பாடநூல் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். √(4000000 + 8065600 − 9175600) = √2890000 = 1700. தேர்வில் பொதுவடிவம் கேட்டாலும் இப்படி ஆதிப்புள்ளியை நகர்த்திக் கணக்கிட்டுக் கடைசியில் மாற்றி எழுதலாம். "x-க்குப் பதில் x − x₁, y-க்குப் பதில் y − y₁ எனப் பிரதியிட" என்று ஒரு வரி எழுதினால் போதும்.

சமன்பாடு (1), (2) இரண்டும் எதைச் சொல்கின்றன என்று பார்த்துவிட்டுப் போவது நல்லது, ஏனென்றால் பிறகு தவறு கண்டுபிடிக்க அது உதவும். AC என்ற நாணின் நடுப்புள்ளி (76, 2). அதன் சாய்வு 4/152 = 1/38, எனவே அதற்குச் செங்குத்தான கோட்டின் சாய்வு −38. நடுப்புள்ளி வழியாக அந்தக் கோட்டை எழுதினால் 38x + y = 2890. இது சமன்பாடு (2) அல்லவா! அதேபோல் AB-யின் நடுப்புள்ளி (32, 24) வழியாகச் செல்லும் மையக்குத்துக்கோடு 4x + 3y = 200. ஆக நாம் செய்தது இரண்டு நாண்களின் மையக்குத்துக்கோடுகள் சந்திக்கும் இடத்தைக் கண்டுபிடித்ததுதான். ஒன்பதாம் வகுப்பில் காம்பஸ் வைத்து முக்கோணத்தின் சுற்றுவட்டம் வரையும் முறையும் இதுவே. மூன்று புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் அந்த இரண்டு மையக்குத்துக்கோடுகளும் இணையாகிவிடும், சந்திக்கா, வட்டமும் கிடையாது. உங்கள் எண்களில் அதைச் சோதிக்க 64 × 4 − 48 × 152 = −7040 என்று பாருங்கள். பூச்சியம் இல்லை, பூச்சியத்துக்குப் பக்கத்திலும் இல்லை. இந்த எண் சின்னதாக வந்தால், வட்டம் ஒன்று கிடைத்தாலும் அதை நம்ப முடியாது. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

பிக்சலை மீட்டராக்குவது எளிது. A, C இடையே √23120 = 152.05 அலகு. டேப் அளவு 3.80 மீட்டர். எனவே ஓர் அலகு ஏறத்தாழ 2.5 செ.மீ., ஒரு பிக்சல் 1.25 மி.மீ. ஆரம் 85 × 0.025 என்றால் 2.12 மீட்டர் சொச்சம்.

இங்கே 3040-ஐ எடுத்து வகுக்காமல் AC-யின் முழுநீளத்தை எடுத்ததைக் கவனியுங்கள். உங்கள் படத்தில் C, A-யை விட 80 பிக்சல் மேலே இருக்கிறது. அதாவது செல்போன் சுமார் ஒன்றரைப் பாகை சாய்ந்திருக்கிறது, அல்லது ஒரு பக்கப் புள்ளியைக் கொஞ்சம் உயரத்தில் குறித்திருக்கிறீர்கள். போன் இப்படிக் கடிகார முள் சுற்றுவதுபோலச் சாய்ந்தால் கெடுதல் ஒன்றுமில்லை, வட்டத்தைச் சுழற்றினாலும் ஆரம் அதேதான். உங்கள் ஆசிரியர் படம் சாய்ந்திருக்கிறது என்று கழித்துவிட்டால் இதைச் சொல்லுங்கள்.

புராஜெக்டில் எழுத இன்னும் அழகான சமன்பாடு வேண்டுமென்றால், AC-யின் நடுப்புள்ளியை ஆதிப்புள்ளியாகவும் AC-யையே x அச்சாகவும் எடுங்கள். மையம் AC-யின் மையக்குத்துக்கோட்டில் இருப்பதால் அதன் x மதிப்பு பூச்சியம். நடுப்புள்ளி (76, 2)-இலிருந்து மையம் (77, −36)-க்கு √(1 + 1444) ≈ 38 அலகு, அதாவது 0.95 மீட்டர். எனவே மீட்டரில்:

x² + (y + 0.95)² = 4.5125

விரித்தால் x² + y² + 1.90y − 3.61 = 0. இதில் y = 0 என்று வைத்தால் x = ±1.90, டேப் சொன்னதும் அதுவே. வளைவின் எழுச்சி, அதாவது AC கோட்டிலிருந்து உச்சி வரை உள்ள உயரம், 85 − 38 = 47 அலகு, 117.5 செ.மீ. இந்த எழுச்சியை நேரில் டேப் பிடித்து அளந்துவிடுங்கள். போட்டோ நம்பத் தகுந்ததா என்று சொல்லும் முதல் சாட்சி அதுதான். பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் அடைத்துச் சானல் வறண்டிருக்கும் நேரத்தில் இறங்கி அளப்பது சுலபம். தண்ணீர் ஓடும்போது கலுங்குக்குள் இறங்க வேண்டாம்.

இனி முக்கியமான ஒரு விஷயம். எந்த மூன்று புள்ளிகளைக் கொடுத்தாலும், அவை நேர்கோட்டில் இல்லாதவரை, ஒரு வட்டம் கிடைத்தே தீரும். வாழை இலையின் ஓரத்தில் மூன்று புள்ளி குறித்தாலும் மையமும் ஆரமும் வந்துவிடும். ஆகவே விடை வந்தது என்பதால் உங்கள் வளைவு வட்டம் என்று ஆகிவிடாது. அதைச் சொல்ல நான்காவது புள்ளி வேண்டும், ஐந்தாவதும் இருந்தால் நல்லது.

சோதனை இப்படி. மையம் x = 2000-இல் இருக்கிறது. அதிலிருந்து இரு பக்கமும் 800 பிக்சல் தள்ளி, x = 1200, x = 2800 என்ற இரண்டு இடங்களை எடுங்கள். வட்டத்தின்படி அங்கே y = 2840 − √(2890000 − 640000) = 2840 − 1500 = 1340. இப்போது படத்தைப் பெரிதாக்கி, அந்த இரண்டு x-களிலும் செங்கல்லின் உள்விளிம்பு எந்த y-யில் இருக்கிறது என்று பாருங்கள்.

இரண்டு பக்கமும் 1330-க்கும் 1350-க்கும் இடையே வந்தால் உங்கள் வளைவு வட்டவில்தான். பழைய செங்கல் கட்டடத்தில் 10 பிக்சல், அதாவது ஒரு சென்டிமீட்டர் சொச்சம், முன்பின் இருப்பது சகஜம். காரை உதிர்ந்த இடத்தில் அதைவிடக் கூடவே இருக்கும்.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி 1400-க்குப் பக்கத்தில் வந்தால், வளைவு வட்டத்தை விடத் தோளில் ஒடுங்கியிருக்கிறது என்று பொருள். இதே அகலமும் இதே எழுச்சியும் உள்ள பரவளையம் அந்த இடத்தில் வட்டத்தை விட ஏறக்குறைய 60 பிக்சல் கீழே ஓடும். மாறாக 1340-ஐ விட நன்றாக மேலே, 1300 என்று வந்தால் தோள் பருத்த வளைவு. நீள்வட்டமாகவோ, வெவ்வேறு ஆரமுள்ள மூன்று வில்களை இணைத்ததாகவோ இருக்கலாம். அத்தகைய வளைவுக்கு ஒற்றை மையம், ஒற்றை ஆரம் என்று எழுதுவது தவறு.

ஒரு பக்கம் 1340, மறுபக்கம் 1375 என்று பக்கத்துக்குப் பக்கம் மாறினால் சந்தேகம் கேமரா மீதுதான் விழ வேண்டும். நீங்கள் வளைவுக்கு நேர் எதிரே நிற்காமல் ஒரு கரையோரமாய் நின்று எடுத்திருப்பீர்கள். சானல்கரையில் நின்றுதான் எடுக்க முடியும் என்பதால் இது அடிக்கடி நடப்பது. பக்கவாட்டில் இருந்து பார்த்தால் வட்டம் நீள்வட்டமாகிவிடும், அகலம் குறுகும், உயரம் அப்படியே நிற்கும்.

இது எவ்வளவு கெடுக்கும் என்று ஒரு கணக்கு. 20 பாகை பக்கவாட்டில் நின்றதாக வைத்துக்கொள்வோம். cos 20° = 0.94. தூரத்தில் நின்று எடுத்தால் அகலம் மட்டும் சுமார் 6 சதவீதம் குறுகும் என்று எடுக்கலாம். பாதி அகலம் 76 அலகிலிருந்து 71.4 ஆகிறது, எழுச்சி 47 மாறவில்லை. ஆரம் = (பாதி அகலம்² + எழுச்சி²) ÷ (2 × எழுச்சி) என்பதால் 77.8 அலகு. இதை 3.80 மீட்டரை வைத்து மாற்றினால் ஓர் அலகு 2.66 செ.மீ., ஆரம் 2.07 மீட்டர். சரியான விடையிலிருந்து 5 செ.மீ. மட்டுமே குறைவு, பார்த்ததும் சந்தேகம் வராது. ஆனால் எழுச்சி 47 × 2.66 = 125 செ.மீ. என்று வரும். டேப் 117.5 காட்டும்போது படம் 125 சொன்னால் பிடிபட்டுவிடும். எழுச்சியை நேரில் அளக்கச் சொன்னது இதற்காகத்தான்.

அடுத்தது புள்ளிகளின் இடைவெளி. நீங்கள் வளைவின் இரு ஓரத்தையும் உச்சிக்கு அருகில் ஒன்றையும் எடுத்திருக்கிறீர்கள், அதுதான் சரி. B-யை 10 பிக்சல் மேலே தவறிக் குறித்திருந்தாலும் ஆரம் 1700-இலிருந்து 1692 ஆகும், அவ்வளவுதான். இதையே, கீழே செடி மறைக்கிறது என்று உச்சிக்கு அருகில் மட்டும் 200 பிக்சல் இடைவெளியில் மூன்று புள்ளிகள் குறித்தால் கதை வேறு. அங்கே நடுப்புள்ளி மற்ற இரண்டையும் இணைக்கும் கோட்டுக்கு மேலே வெறும் 12 பிக்சல்தான் இருக்கும். அதில் 2 பிக்சல் குறைந்தால் ஆரம் சுமார் 2050, 2 பிக்சல் கூடினால் சுமார் 1460. விரலால் போன் திரையில் வைக்கும் புள்ளியே 20, 30 பிக்சல் அகலம் இருக்கும். முன்பு −7040 என்ற எண்ணைப் பார்க்கச் சொன்னேனே, அது சிறிதாவது இந்த நிலையில்தான். செடி மறைத்தால் செடியை விலக்கிவிட்டு எடுங்கள், வில்லின் நீளம் கூடக்கூட விடை உறுதியாகும்.

ஆனால் கீழே போவதற்கும் ஓர் எல்லை உண்டு. கலுங்குகளில் பெரும்பாலும் வளைவு நேரே தரையிலிருந்து தொடங்காது. இருபுறமும் செங்குத்தான சுவர் கொஞ்ச உயரம் வந்து, அதன் மேல்தான் வில் ஏறும். A அல்லது C அந்தச் சுவரில் விழுந்துவிட்டால் அது வட்டத்தின் புள்ளியே அல்ல. வில் தொடங்கும் இடத்தில் பொதுவாக ஒரு மூலை தெரியும், அல்லது செங்கல் வரிசை படுக்கையிலிருந்து ஆரத்திசைக்குத் திரும்பும். அதற்கு ஒரு செங்கல் மேலே தள்ளிக் குறிப்பது பத்திரம். மூன்று புள்ளிகளும் ஒரே விளிம்பில் இருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். இரண்டை உள்விளிம்பிலும் ஒன்றை வெளிவிளிம்பிலும் குறித்தால் செங்கல் வளையத்தின் தடிமன் முழுவதும் பிழையாக ஏறும். கலுங்கின் எதிர்முனையில் தெரியும் இரண்டாவது விளிம்பையும் முன்விளிம்பு என்று நினைத்துக் குறிப்பவர்கள் உண்டு. தண்ணீர் அசையாமல் நிற்கும்போது வளைவின் பிம்பமும் சேர்ந்து தெரியும், புள்ளி பிம்பத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படக்கோப்பு பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் சுருங்கி வரும். நீள அகலம் ஒரே விகிதத்தில் சுருங்குவதால் வட்டம் கெடாது, ஆனால் மூன்று புள்ளிகளையும் ஒரே கோப்பிலிருந்து எடுக்க வேண்டும். A, B மூலப்படத்திலிருந்து, C வாட்ஸ்அப் படத்திலிருந்து என்றால் எல்லாம் பாழ். அதைவிட மோசம், வேர்டில் ஒட்டிய படத்தைப் பக்கத்தில் அடங்கட்டும் என்று ஓரத்தைப் பிடித்து இழுப்பது. நீளம் ஒரு விகிதத்திலும் உயரம் வேறொரு விகிதத்திலும் மாறிவிடும். மூலையைப் பிடித்து இழுத்தால் பொதுவாக அந்தச் சிக்கல் இல்லை. எடுக்கும்போது 0.5 என்று காட்டும் அகலக் கேமராவை விட்டுவிட்டு, சற்றுத் தள்ளி நின்று 1 அல்லது 2-இல் எடுங்கள். அகலக் கேமரா படத்தின் ஓரங்களை வளைக்கும், உங்கள் A-யும் C-யும் ஓரத்தில்தான் இருக்கின்றன.

இதே முறையைக் கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே உள்ள கண்ணாடிப் பாலத்துக்குச் செய்யலாமா என்று உங்கள் வகுப்பில் யாராவது கேட்பார்கள். 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 2024 டிசம்பர் 30 அன்று திறந்த பாலம், புராஜெக்டுக்குக் கவர்ச்சியானதுதான். செய்யலாம், ஆனால் இரண்டு தொல்லைகள். முதலாவது, அதில் நாணேற்றிய வில் போன்ற வளைவு இரு பக்கமும் ஒவ்வொன்று இருக்கிறது. கரையிலிருந்தோ படகிலிருந்தோ எடுத்த படத்தில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும், மூன்று புள்ளிகளும் ஒரே வளைவில்தான் இருக்கின்றனவா என்று உறுதி செய்ய வேண்டும். இரண்டாவது, அந்த வகைப் பாலங்களின் வளைவு வட்டவில்லாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, பரவளையமாகவும் அமைப்பார்கள். நான்காவது, ஐந்தாவது புள்ளிச் சோதனை செய்யாமல் அதன் ஆரம் இத்தனை மீட்டர் என்று எழுதாதீர்கள். டேப் பிடித்து எழுச்சியை அளந்து சரிபார்க்கும் வசதியும் அங்கே இல்லை. உங்கள் கலுங்குதான் நல்ல தேர்வு.

கைக்கணக்கைச் சரிபார்க்க ஜியோஜீப்ரா போதும். கட்டளைப் பட்டியில் இவற்றை ஒவ்வொரு வரியாக அடியுங்கள். அங்கே y மேல்நோக்கி வளர்வதால் y மதிப்புகளுக்குக் கழித்தல் குறி போட்டிருக்கிறேன்:

```
A = (460, -2120)
B = (1740, -1160)
C = (3500, -2040)
c = Circle(A, B, C)
Center(c)
Radius(c)
```

மையம் (2000, −2840), ஆரம் 1700 என்று வரும். புள்ளிகள் திரையில் தெரியவில்லை என்றால் பயப்பட வேண்டாம், எண்கள் பெரியவை என்பதால் காட்சியைச் சுருக்கினால் தெரியும். A, B, C-யில் ஒன்றைப் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள், மையம் எவ்வளவு நகர்கிறது என்று கண்ணுக்கே தெரியும். பிறகு மூன்றையும் உச்சிக்கு அருகில் நெருக்கி வைத்து அதேபோல் இழுங்கள், மையம் துள்ளிக் குதிப்பதையும் பார்க்கலாம். புராஜெக்டில் இந்த இரண்டு ஸ்கிரீன்ஷாட்களையும், x = 1200, x = 2800 இரண்டிலும் நீங்கள் படித்த y மதிப்புகளையும், டேப்பில் அளந்த எழுச்சியையும் சேர்த்து வையுங்கள்.